லட்டுப் பங்கு போடும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சேர்வுகள் பாடத்தில், ஒரே மாதிரி இனிப்பைப் பங்கு போடும் கணக்கு வந்தால் வருடா வருடம் அதே இடங்களில்தான் கால் தடுக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதியிருக்கிறேன். கயல், அமுதன், நிலா என்ற 3 பிள்ளைகள்தான் எல்லாவற்றிலும் வருவார்கள். லட்டுகள் அத்தனையும் ஒரே அச்சு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

10 லட்டு, 3 பிள்ளைங்க, ஆளுக்கு ஒண்ணாவது கிடைக்கணும். எத்தனை விதமா கொடுக்கலாம்னு எழுதி எழுதிப் பாக்கிறதைத் தவிர வழி இருக்கா?

இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் 10 புளியங்கொட்டையை ஒரே வரிசையில் வைத்து, நடுவில் 2 தீக்குச்சியைச் செருகச் சொல்வேன். முதல் குச்சிக்கு இடப்பக்கம் இருப்பது கயலுக்கு, இரண்டு குச்சிக்கும் நடுவில் இருப்பது அமுதனுக்கு, மிச்சம் நிலாவுக்கு. உதாரணமாக,

●●●|●●●●●|●●

என்றால் கயலுக்கு 3, அமுதனுக்கு 5, நிலாவுக்கு 2. குச்சியை ஓர் இடம் நகர்த்தினால் பங்கு மாறும். எந்தப் பங்கைச் சொன்னாலும் அதற்கு ஒரே ஒரு குச்சி வைப்புதான் இருக்கும்.

10 கொட்டைகளுக்கு நடுவில் 9 இடைவெளி. அதில் 2 இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது: C(9, 2) = 36. பள்ளியில் 9C2 என்று எழுதுவதும் இதைத்தான். கொட்டைக்குப் பதில் நட்சத்திரம், குச்சிக்குப் பதில் கோடு என்று வரைந்தால், அதுதான் நட்சத்திரமும் கோடும் என்று சொல்லப்படும் முறை.

3 பேருக்குப் பங்கு போடுறோம், ஆனா குச்சி ஏன் 2 தான்?

ஒரு கயிற்றை 3 துண்டாக்க எத்தனை தடவை வெட்டுவீர்கள்? 2 தடவைதான். கடைசிப் பிள்ளைக்குத் தனிக் குச்சி தேவையில்லை. மற்ற இருவரின் பங்கும் முடிவானதும் நிலாவின் பங்கு தானாக முடிவாகிவிடும்.

ஒண்ணுமே கிடைக்காட்டியும் பரவாயில்லைன்னா?

மேலே சொன்ன முறையில் ஓர் இடைவெளியில் ஒரு குச்சிக்குத்தான் இடம், வரிசையின் இரண்டு ஓரத்திலும் குச்சி வைக்கக் கூடாது. அதனால்தான் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. 0 கிடைக்கலாம் என்றால் அந்த இரண்டு தடையும் விலகும். ஓரத்திலும் வைக்கலாம், இரண்டு குச்சியை ஒட்டியும் வைக்கலாம். ●●●●||●●●●●● என்றால் அமுதனுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது இடைவெளியை எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும். வேறு மாதிரி பார்க்கலாம். 10 கொட்டை, 2 குச்சி, மொத்தம் 12 இடம். எந்த 2 இடத்தில் குச்சி நிற்கும் என்பதுதான் கேள்வி: C(12, 2) = 66.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ஆளுக்கு ஒரு லட்டைக் கைமாற்றாக வாங்கி வந்து சேர்த்துவிடுங்கள். இப்போது 13 லட்டு, ஆளுக்கு ஒன்றாவது உண்டு. முதல் கேள்வியின் முறைப்படி 12 இடைவெளியில் 2, அதாவது அதே 66. பங்கு போட்டு முடித்தபின் ஆளுக்கு ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ரெண்டு சூத்திரமும் பாக்க ஒரே மாதிரி இருக்கு மிஸ், பரீட்சையில எதைப் போடறதுன்னு மறந்துடுது.

இரண்டையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒன்று போதும். லட்டு n, பிள்ளைகள் k, 0 கிடைக்கலாம் என்றால் C(n + k − 1, k − 1). ஆளுக்கு ஒன்று என்றால் முதலிலேயே k லட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அதே சூத்திரத்தைப் போடுங்கள். 10 லட்டில் 3 போக 7; C(9, 2) = 36. முன்பு வந்த விடையே வந்துவிட்டது.

வினாத்தாளில் லட்டு இல்லாமல் x + y + z = 10 என்று மட்டும் வந்தால், தீர்வுகள் எந்த எண்களில் கேட்கப்படுகின்றன என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மிகை முழுக்கள் என்றால் 36, குறையற்ற முழுக்கள் என்றால் 66. வெறும் ‘முழுக்கள்’ என்று மட்டும் இருந்தால் குறை எண்ணும் உள்ளே வரும், எண்ணி முடியாது. கேள்வி அச்சில் தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொருத்தருக்கும் வேற வேற குறைஞ்சபட்சம் இருந்தா என்ன செய்யறது? கயலுக்கு 2, அமுதனுக்கு 1, நிலாவுக்கு 3, மொத்தம் 12 லட்டு.

கட்டாயம் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள். 2 + 1 + 3 = 6 லட்டு கை மாறிவிட்டது. தட்டில் 6 மிச்சம். இனி யாருக்கும் எந்த நிபந்தனையும் இல்லை, கூடுதலாக ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் சரி. 6 லட்டு, 3 பிள்ளைகள், 0 அனுமதி: C(8, 2) = 28.

இதை நம்ப மறுப்பவர்களுக்குக் கையால் எண்ணியே காட்டுவேன். மிச்சம் உள்ள 6-ல் கயலுக்குக் கூடுதலாக 0 கொடுத்தால், மீதி 6-ஐ அமுதனும் நிலாவும் 7 விதமாகப் பிரித்துக்கொள்ளலாம் (அமுதனுக்கு 0 முதல் 6 வரை). கயலுக்கு 1 என்றால் 6 விதம், 2 என்றால் 5 விதம். இப்படியே போய்க் கடைசியில், கயலுக்கே 6-ம் போனால் 1 விதம். 7 + 6 + 5 + 4 + 3 + 2 + 1 = 28.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறைந்தபட்சம் 2, 1, 3 என்று இருந்தாலும் 0, 0, 6 என்று இருந்தாலும் விடை அதே 28. கூட்டுத்தொகை மட்டும்தான் கணக்கில் நுழைகிறது. யாருக்கு எவ்வளவு என்பது விடையை மாற்றுவதில்லை.

முதல்ல கொடுக்கிற அந்த 6 லட்டையும் எத்தனை விதமா கொடுக்கலாம்னு பெருக்க வேண்டாமா?

வேண்டாம். பாதிப் பேர் தவறும் இடம் இது. 12 லட்டில் கயலுக்கு 2 எடுக்க C(12, 2), அப்புறம் அமுதனுக்கு C(10, 1) என்று பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். லட்டு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது, கயல் கையில் எந்த 2 லட்டு என்ற கேள்விக்கே பொருள் இல்லை. 2 லட்டு இருக்கிறது, அவ்வளவுதான். முதல் கட்டம் நடக்க ஒரே ஒரு விதம்தான். 1-ஆல் பெருக்கினால் என்ன, பெருக்காவிட்டால் என்ன.

சரி, இரண்டாம் கட்டத்தில் ஏதாவது பங்கு இரண்டு தடவை எண்ணப்படுமா? கடைசியில் கையில் இருப்பது (5, 3, 4) என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் கூடுதலாகக் கிடைத்தது (3, 2, 1). திருப்பிக் கூட்டினால் மறுபடி (5, 3, 4). ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்துகிறது. எதுவும் விட்டுப்போகவும் இல்லை, இரட்டிக்கவும் இல்லை.

அப்போ லட்டுக்குப் பதிலா வேற வேற இனிப்பு இருந்தாலும் இதே மாதிரி முதல்ல ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டு மிச்சத்தைப் பார்க்கலாமா?

கூடாது. இங்கே அந்த முறை உடைந்துவிடும். எப்படி உடைகிறது என்று பார்த்தால்தான் முந்தைய பதில் உண்மையில் புரியும்.

ஒரு லட்டு, ஒரு ஜிலேபி, ஒரு மைசூர்பாகு, ஒரு அதிரசம் என 4 இனிப்பு. 3 பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். முதலில் ஆளுக்கு ஒன்று கொடுக்க 4 × 3 × 2 = 24 விதம். மிஞ்சிய ஒன்றை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், 3 விதம். ஆக 72. ஆனால் சரியான விடை 36. கயலுக்கு லட்டும் ஜிலேபியும் போய்ச்சேர்ந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். லட்டை முதலில் கொடுத்து ஜிலேபியைக் கூடுதலாகக் கொடுத்தாலும், ஜிலேபியை முதலில் கொடுத்து லட்டைப் பிறகு கொடுத்தாலும் முடிவு ஒன்றுதான். 72 இதை இரண்டாக எண்ணிவிட்டது. 4 இனிப்பு 3 பேருக்கு என்றால் யாரோ ஒருவருக்கு 2 கிடைத்தே தீரும். எனவே எல்லாப் பங்கும் சரியாக இரண்டு தடவை எண்ணப்பட்டு, 72-இல் பாதி 36 ஆகிறது. இனிப்பு 5 ஆனாலே ஒரு பங்கு 3 தடவையும் வேறொன்று 4 தடவையும் வரும். இப்படி வகுத்துத் தப்பிக்க முடியாது.

முதல் கேள்வியின் 36-க்கும் இந்த 36-க்கும் உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான். 4-ம் ஒரே மாதிரி லட்டாக இருந்தால் விடை C(3, 2) = 3 மட்டுமே.

குறைஞ்சபட்சம் எல்லாம் கூட்டினா இருக்கிற லட்டைத் தாண்டிப் போகுது. சூத்திரம் தானா 0 கொடுத்துடுமா?

அதை நம்பிவிடாதீர்கள். கொடுத்தது போக மிச்சம் m என்றால், 3 பிள்ளைகளுக்கு சூத்திரத்தை விரித்து (m + 2)(m + 1)/2 என்று எழுதுவோம். m = −1 என்றாலும் −2 என்றாலும் 0 வரும், அதைப் பார்த்து எப்போதும் வரும் என்று நினைத்துவிடுவோம். m = −3 போட்டுப் பாருங்கள்: (−1)(−2)/2 = 1. அதாவது 3 லட்டு கடன்பட்டிருக்கும்போது பங்கு போட ஒரு வழி இருக்கிறதாம்!

நானே ஒரு தடவை விரிதாளில் இந்தச் சூத்திரத்தைக் கீழே வரை இழுத்து, குறைந்தபட்சம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்து 0-வைத் தொட்டு, அப்புறம் மறுபடி ஏறுவதைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். m குறை எண் என்றால் சூத்திரத்தின் பக்கமே போகாமல் விடை 0 என்று எழுதிவிட வேண்டும்.

போட்ட விடை சரிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சின்ன எண்ணாக இருந்தால், 28-க்கு மேலே செய்தது போல ஒரு பிள்ளையின் பங்கை ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கணினி பக்கத்தில் இருந்தால் அதே வேலையை அதனிடம் விட்டுவிடலாம். அந்த 12 லட்டுக் கணக்குக்கு:

```python
count = 0
for a in range(2, 13):
    for b in range(1, 13):
        c = 12 - a - b
        if c >= 3:
            count += 1
print(count)
```

28 என்று வரும். இதில் எந்தச் சூத்திரமும் இல்லை, ஒவ்வொரு பங்காகப் பார்த்து நிபந்தனைக்கு ஒத்துவந்தால் ஒன்றைக் கூட்டுகிறது. சூத்திரத்தில் நாம் செய்த தவறு இதற்குள் நுழைய வழியில்லை என்பதால்தான் சரிபார்க்க இது நல்லது.

எல்லா லட்டையும் கொடுத்தே ஆகணும்னு இல்ல, கொஞ்சம் டப்பாவிலயே இருக்கலாம்னா?

டப்பாவையும் ஒரு பிள்ளையாக உட்கார வையுங்கள். அதற்குக் குறைந்தபட்சம் 0. 12 லட்டு, குறைந்தபட்சம் 2, 1, 3 என்ற அதே கணக்கில் மிச்சம் 6, ஆட்கள் 4: C(9, 3) = 84. டப்பாவில் 0, 1, 2 என்று தனித்தனியாக எடுத்துக் கூட்டினாலும் 28 + 21 + 15 + 10 + 6 + 3 + 1 = 84.

ஒருத்தருக்குச் சரியா 2 தான், கூடவும் கூடாது குறையவும் கூடாதுன்னா?

அந்தப் பிள்ளையையும் 2 லட்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். 10 லட்டில் 8 மிச்சம், 2 பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றாவது: C(7, 1) = 7.

குறைஞ்சபட்சம் புரிஞ்சுது. அதிகபட்சம் வெச்சா? ஆளுக்கு 1-க்குக் குறையக் கூடாது, 5-க்கு மேலயும் போகக் கூடாது, 10 லட்டு.

குறைந்தபட்சத்தை முன்னாலேயே கொடுத்து முடித்துவிடலாம். அதிகபட்சத்துக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. வரம்பை மீறிய பங்குகளை எண்ணிக் கழிக்க வேண்டும். நல்ல வேளையாக, ‘மீறுவது’ என்பதே ஒரு குறைந்தபட்சம்தான்: 5-க்கு மேல் என்றால் 6-ஆவது.

மேல் வரம்பு இல்லாமல் 36. கயல் மீறினால் அவளுக்கு 6, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று, ஆக 8 போய்விடும். மிச்சம் 2: C(4, 2) = 6. அமுதன், நிலா மீறினாலும் அப்படியே, மொத்தம் 18. இருவர் சேர்ந்து மீற 6 + 6 + 1 = 13 லட்டு வேண்டும், நம்மிடம் அவ்வளவு இல்லை. விடை 36 − 18 = 18.

இதையே வரம்பு 3 என்று வைத்துப் பாருங்கள். ஆளுக்கு 3 வீதம் 9 லட்டுதான் போகும், 10 இருக்கிறது, எனவே விடை 0 என்று கணக்குப் போடாமலே தெரியும். கணக்கு என்ன சொல்கிறது? கயல் மீறினால் அவளுக்கு 4, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று, மிச்சம் 4, C(6, 2) = 15. மூவருக்கும் சேர்த்து 45. 36 − 45 = −9! குறை எண்ணில் எண்ணிக்கை வந்தால் எதையோ இரண்டு தடவை கழித்திருக்கிறோம். கயலும் அமுதனும் சேர்ந்து மீறிய பங்குகள் கயல் கணக்கிலும் கழிந்தன, அமுதன் கணக்கிலும் கழிந்தன. அவற்றை ஒரு தடவை திருப்பிக் கூட்ட வேண்டும். இருவருக்கும் 4, மூன்றாமவருக்கு 1, மிச்சம் 1: C(3, 2) = 3. இப்படி 3 இணைகள், 9. மூவரும் மீற 12 வேண்டும், இல்லை. 36 − 45 + 9 = 0. வரம்பு வைத்த எந்தக் கணக்கிலும், இருவர் சேர்ந்து மீற லட்டு போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூட வேண்டும்.

பிள்ளைங்க யாருன்னே கவலை இல்ல, 10 லட்டை 3 பொட்டலமா கட்டணும், அவ்வளவுதான். 36-ஐ 6-ஆல வகுத்தா போதுமே?

போதாது. 36 ÷ 6 = 6, ஆனால் உண்மையில் 8 விதம் இருக்கிறது: 8+1+1, 7+2+1, 6+3+1, 6+2+2, 5+4+1, 5+3+2, 4+4+2, 4+3+3.

7+2+1-ஐ 3 பிள்ளைகளுக்கு 6 விதமாக மாற்றிக் கொடுக்கலாம். 8+1+1-ஐ 3 விதமாகத்தான் கொடுக்க முடியும், இரண்டு 1-ஐ இடம் மாற்றினால் எதுவும் மாறுவதில்லை. மேலே உள்ளதில் 4 வகைக்கு 6 வீதம் 24, மற்ற 4 வகைக்கு 3 வீதம் 12, கூட்டினால் அதே 36. குச்சி முறைக்குப் பிள்ளைகள் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். பொட்டலக் கணக்கு ‘எண் பிரிவினை’ என்ற வேறு வகை. அதற்கு இவ்வளவு சுலபமான சூத்திரம் கிடையாது.

கயலுக்கு அமுதனைவிடக் கூட கிடைக்கணும்னு நிபந்தனை போட்டா, கயலோட குறைஞ்சபட்சம் என்ன?

அதுதான் சிக்கல். அவளுடைய குறைந்தபட்சம் அமுதனின் பங்கைப் பொறுத்து மாறுகிறது, எனவே முன்கூட்டியே எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனால் ஆளுக்கு ஒன்றாவது என்ற 10 லட்டுக் கணக்கில் வேறு வழி இருக்கிறது. 36 பங்கில் கயலுக்கும் அமுதனுக்கும் சமமாக வருபவை ஆளுக்கு 1, 2, 3, 4 என்ற 4 மட்டும் (5 ஆனால் நிலாவுக்கு ஒன்றும் மிஞ்சாது). மீதி 32-இல் பாதியில் கயல் கை ஓங்கும், பாதியில் அமுதன் கை ஓங்கும். இருவர் பெயரையும் மாற்றி எழுதினால் ஒன்று மற்றொன்றாகிவிடுமே. விடை 16. இருவருக்கும் குறைந்தபட்சம் வேறு வேறாக இருந்தால் இந்தச் சமச்சீர் போய்விடும், அப்போது அமுதனின் பங்கை ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணுவதுதான் வழி.

36 விதம்னா, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்தா ஒவ்வொரு விதத்துக்கும் வாய்ப்பு 1/36 தானே?

இல்லை. சின்னதாக எடுத்துக்கொள்வோம். 3 லட்டு, 2 பிள்ளைகள், 0 கிடைக்கலாம். பங்குகள் 4: (3,0), (2,1), (1,2), (0,3). ஒவ்வொரு லட்டுக்கும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் கயலுக்கு, பூ விழுந்தால் அமுதனுக்கு என்று கொடுங்கள். (3,0) வர மூன்று தடவையும் தலை விழ வேண்டும், வாய்ப்பு 1/8. (2,1) வர பூ விழும் தடவை முதலாவதோ இரண்டாவதோ மூன்றாவதோ, வாய்ப்பு 3/8. குச்சி முறை எத்தனை பங்கு என்று மட்டும்தான் சொல்லும், எது எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லாது. எல்லாப் பங்கையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால் மட்டுமே சம வாய்ப்பு.

லட்டு அப்படி நடக்காது, ஆனால் ஒளித்துகள் அப்படி நடக்கும். 1924-இல் டாக்காவில் இருந்த இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவையாக எண்ணி பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் பெற்றார். அந்த எண்ணும் முறையில் ஒவ்வொரு பங்குக்கும் சம வாய்ப்பு. அதற்குப் 10 ஆண்டு முன்னால், 1914-இல், எரன்ஃபெஸ்ட், காமர்லிங் ஓன்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் பிளாங்கின் சேர்வுச் சூத்திரத்துக்கு எளிய விளக்கம் ஒன்று எழுதினார்கள். 7 ஆற்றல் துணுக்குகளை 4 அதிர்விகளுக்குப் பங்கு போடுவதுதான் அவர்களுடைய உதாரணம். கொட்டைக்குப் பதில் ε, குச்சிக்குப் பதில் O:

εεεεOεεOOε

முதல் அதிர்விக்கு 4, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை, நான்காவதுக்கு 1. 10 இடத்தில் 3 இடம் O-வுக்கு, C(10, 3) = 120.